கும்பளங்காய்ச் சாறும் இரண்டாம் அளவீடும்

சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில், மழை விடாது பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், அம்மாவை முழங்கால் வலிக்காகக் கரமனையில் எங்கள் தெருவுக்கு அருகிலுள்ள ஒரு சிறு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். மருத்துவர் வழக்கம்போல் முதலில் இரத்த அழுத்தம் பார்த்தார். கருவி 168/96 என்று காட்டியது. அம்மாவுக்கு வயது 58. அதற்கு முன் அவர் அழுத்தம் பார்த்துக்கொண்டதாக எங்கள் இருவருக்குமே நினைவில்லை. மருத்துவர் பதறவில்லை. நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், பார்வை மங்கல் ஏதேனும் உண்டா என்று கேட்டார். இல்லை என்றதும், "உப்பைக் குறையுங்கள், ஒரு வாரம் கழித்து வாருங்கள், மறுபடி பார்ப்போம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த ஒரு வாரத்திற்குள் அடுத்த வீட்டு மாமி வந்து சேர்ந்தார். காலையில் வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் கும்பளங்காய்ச் சாறு. அதுவே போதும், மாத்திரை தேவையில்லை என்பது அவருடைய தீர்ப்பு. தமிழ்நாட்டில் வெண்பூசணி என்று வழங்குவதைத்தான் இங்குள்ள மலையாளம் கலந்த எங்கள் தமிழ் கும்பளங்காய் என்கிறது. அம்மா தவறாமல் குடித்தார். எட்டாம் நாள் மருத்துவமனையில் மறுபடி பார்த்தபோது 154/90.

"பாத்தியா? எட்டே நாள்ல பதினாலு கொறஞ்சிருக்கு. இதுக்குப் போய் ஆயுசு பூரா மாத்திரை முழுங்கணுமா?" என்றார் அம்மா.

எனக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. அன்று மாலை நானே சந்தையில் இன்னொரு கும்பளங்காய் வாங்கி வந்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இரவில் படுத்த பிறகுதான், ஆய்வு முறையியல் வகுப்பில் படித்துத் தேர்வெழுதி மறந்திருந்த ஒரு பாடம் மெல்ல மேலெழுந்து வந்தது. 14 குறைந்தது உண்மை. ஆனால் அம்மா சாறு குடிக்காமலே இருந்திருந்தால் எவ்வளவு குறைந்திருக்கும்? இக்கேள்விக்கு "ஒன்றும் குறைந்திருக்காது" என்ற விடையை நான் என்னையறியாமலே எடுத்துக்கொண்டிருந்தேன். அது தவறான விடை.

ஒருவருடைய இரத்த அழுத்தம் என்பது ஒற்றை எண் அன்று. அது நாளுக்கு நாள், ஏன், நிமிடத்திற்கு நிமிடம் ஏறி இறங்குவது. மழையில் விரைந்து நடந்து வந்தது, அப்போதுதான் குடித்த காப்பி, சிறுநீரை அடக்கிக்கொண்டிருப்பது, அளக்கும்போது பேசுவது, கையைத் தாங்கலின்றி வைத்திருப்பது, கைப்பட்டை பருத்த கைக்குச் சிறியதாக இருப்பது ஆகிய அனைத்தும் எண்ணைக் கூட்டும். நன்கு உறங்கி எழுந்த அமைதியான காலை அதனைக் குறைக்கும். ஆகவே மருத்துவமனையில் கிடைக்கும் ஓர் அளவு இரண்டு பகுதிகளின் கூட்டுத்தொகை: ஒன்று அந்த மனிதரின் வழக்கமான நிலை, மற்றொன்று அன்றைய நாள் கூட்டியதோ குறைத்ததோ. கருவி காட்டுவது கூட்டுத்தொகையை மட்டுமே. எது எவ்வளவு என்று அது பிரித்துச் சொல்வதில்லை.

இப்போது, 168 என்ற எண்ணைத் தந்த ஒருவரைக் காண்கிறோம். அவர் வழக்கமாக 158 உள்ளவராக இருந்து, அந்த நாள் 10 கூட்டியிருக்கலாம். அல்லது வழக்கமாக 178 உள்ளவராக இருந்து, அந்த நாள் 10 குறைத்திருக்கலாம். நாளின் கைவரிசை இரு திசையிலும் சமம் என்றே கொள்வோம். அப்படியிருந்தும் இரண்டு விளக்கங்களுக்கும் சம வாய்ப்பு இல்லை. ஏனெனில் மக்கள்தொகையில் 158 நிலையில் உள்ளவர்கள் மிகுதி. 178 நிலையில் உள்ளவர்கள் அரிது. கூட்டத்தில் பலராக இருப்பவர்களிலிருந்தே பலர் வருவர். ஆகவே உயர்ந்த ஓர் எண்ணைக் காணும்போது, அதில் நாளின் பங்கு மேல்நோக்கியே இருந்திருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கு முகாந்திரம் உண்டு. அடுத்த முறை அளக்கும்போது வழக்கமான நிலை அப்படியே இருக்கும். நாளின் பங்கு மட்டும் புதிதாகச் சீட்டெடுக்கும். அதே நற்பேறோ தீப்பேறோ மறுபடி வர வேண்டிய கட்டாயமில்லை. எண் இறங்கும். உடலில் எதுவும் மாறியிருக்க வேண்டியதில்லை.

இதனைக் கணக்காகவே போட்டுப் பார்த்தேன். கணக்குக்காக மூன்று எண்களை எடுத்துக்கொண்டேன். இவை அளந்து கண்டவையல்ல, பொருத்தமான அளவில் அமைந்த எடுகோள்கள். அம்மா வயதையொத்த பெண்களின் மேலளவுச் சராசரி 128. அவரவர் வழக்கமான நிலைகள் இந்தச் சராசரியைச் சுற்றிப் பரவியிருப்பதன் திட்ட விலக்கம் 14. ஒரே ஆளிடம் நாளுக்கு நாள் காணும் ஏற்ற இறக்கத்தின் திட்ட விலக்கம் 9. இவற்றை இருபடியாக்கினால் 196, 81, கூட்டினால் 277. மொத்த வேறுபாட்டில் ஆளுக்கு உரிய பங்கு 196 வகுத்தல் 277, அதாவது ஏறத்தாழ 0.71. மீதி 0.29 நாளுக்கு உரியது.

இந்த 0.71 தான் திறவுகோல். அம்மாவின் முதல் அளவு சராசரிக்கு 40 மேலே நின்றது. அதில் 0.71 பங்கு, அதாவது 28 மட்டுமே, மறுமுறையும் நீடிக்கும் என்று எதிர்பார்க்கலாம். 128-உடன் 28-ஐக் கூட்டினால் 156. சாறு இல்லை, மாத்திரை இல்லை, உப்புக் குறைப்பும் இல்லை. வெறுமனே எட்டு நாள் கழித்து மறுபடி அளந்திருந்தாலும் 156-க்கு அருகில்தான் எதிர்பார்த்திருக்க வேண்டும். கிடைத்தது 154. நாளுக்கு நாள் 9 அளவுக்கு அலையும் ஓர் எண்ணில் இந்த 2 வேறுபாட்டுக்குப் பொருளே இல்லை. அதே எடுகோள்களின்படி, முற்பத்தியில் சொன்ன 158 நிலைக்காரர்கள் 178 நிலைக்காரர்களைப் போல் ஏறக்குறைய 60 மடங்கு இருப்பர் என்பதையும் கணக்குக் காட்டியது.

இந்நிகழ்வுக்குச் சராசரிக்கு மீளல் என்று பெயர் சொல்லலாம். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் 'ரிக்ரெஷன்' என்ற சொல்லைப் புள்ளியியலுக்குள் கொண்டுவந்தவர் பிரான்சிஸ் கால்டன். 1886-இல் அவர் 205 பெற்றோர் இணைகளின் உயரத்தையும் அவர்களுடைய வளர்ந்த மக்கள் 928 பேரின் உயரத்தையும் ஒப்பிட்டார். மிக உயரமான பெற்றோரின் மக்கள் உயரமாகவே இருந்தனர். ஆனால் பெற்றோர் அளவுக்கு இல்லை. பெற்றோர் சராசரியிலிருந்து விலகியதில் மூன்றில் இரண்டு பங்கே மக்களிடம் தென்பட்டது. நம் பாடநூல்களில் இச்சொல் 'தொடர்புப் போக்கு' என்று ஆகிவிட்டது. மொழியியல் படித்தவருக்கு அது ஓர் இழப்பாகவே தோன்றும். மூலச்சொல்லில் இருந்த 'திரும்பிச் செல்லல்' என்னும் பொருள் மொழிபெயர்ப்பில் மறைந்துபோயிற்று; எஞ்சியது கோடு வரையும் ஒரு கணக்கு முறையின் பெயர் மட்டுமே.

கால்டன் கண்ட இன்னொன்று இதைவிட முக்கியமானது. கணக்கைத் திருப்பிப் போட்டாலும் அதே மீளல் தெரிந்தது: மிக உயரமான மக்களை முதலில் தேர்ந்தெடுத்தால், அவர்களுடைய பெற்றோர் அவர்களைவிடச் சராசரிக்கு அருகில் நின்றனர். மக்கள் பெற்றோரை உருவாக்குவதில்லை. ஆகவே இங்கே காலத்தில் முன்னோக்கிச் செயற்படும் விசை ஒன்றும் இல்லை. இந்த இறக்கம் நாம் ஒரு முனையைத் தேர்ந்தெடுத்ததனால் உண்டாவது. இரத்த அழுத்தத்திலும் அப்படியே. இரண்டாம் வருகையில் மிக உயர்ந்த எண் காட்டியவர்களை மட்டும் எடுத்து அவர்களுடைய முதல் வருகையைத் திரும்பிப் பார்த்தால், முதல் எண் குறைவாக இருந்திருக்கும். "இடையில் இவர்களுக்கு ஏதோ கெடுதல் நேர்ந்துவிட்டது" என்று கூட ஒருவர் கட்டுரை எழுதிவிடலாம்.

இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக்கூடிய மற்றொன்று உண்டு. மருத்துவமனைச் சூழலில் ஏற்படும் பதற்றம் முதல் வருகையில் மிகுந்து, பழகப் பழகக் குறையும். அது உடலில் உண்மையாகவே நிகழும் மாற்றம். பதற்றம் தணிவதே காரணமென்றால், குறைந்த எண் காட்டியவர், நடுத்தர எண் காட்டியவர், உயர்ந்த எண் காட்டியவர் அனைவருக்கும் பொதுவாக ஓர் இறக்கம் தெரிய வேண்டும்; மொத்தக் கூட்டத்தின் சராசரியே இறங்க வேண்டும். மீளல் மட்டுமே காரணமென்றால், உயர்ந்தவர்கள் இறங்குவர், தாழ்ந்தவர்கள் ஏறுவர், மொத்தச் சராசரி நின்ற இடத்திலேயே நிற்கும். நடைமுறையில் இரண்டும் கலந்தே வரும். ஆனால் உயர்ந்தவர்களை மட்டும் மறுபடி வரச்சொல்லும் ஒரு மருத்துவமனையின் பதிவேட்டில் இவ்விரண்டையும் பிரித்தறிய வழியே இல்லை. ஏனெனில் ஏறியிருக்க வேண்டியவர்களை யாரும் திரும்ப அழைக்கவில்லை.

ஆய்வுகளில் இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நமக்கு அருகிலேயே ஒரு சான்று உண்டு. இலங்கை, வங்கதேசம், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலும் சேர்த்து 30 கிராமப்புறச் சமூகங்களில், உயர் இரத்த அழுத்தம் உடைய 2,645 பேரைக் கொண்டு நடந்த கோப்ரா-பிபிஎஸ் ஆய்வின் முடிவு 2020-இல் வெளியாயிற்று. பாதிச் சமூகங்களில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று அழுத்தம் பார்த்து, அறிவுரை கூறி, தேவைப்பட்டவர்களை மருத்துவரிடம் அனுப்பினர். மீதிச் சமூகங்களில் ஏற்கெனவே இருந்த சிகிச்சை முறையே தொடர்ந்தது. இரண்டாண்டு முடிவில் வீட்டு வருகை பெற்றவர்களின் மேலளவு சராசரியாக 9.0 குறைந்திருந்தது. இதனோடு நிறுத்தியிருந்தால் 9 என்றே திட்டத்தின் பெருமை பேசப்பட்டிருக்கும். ஆனால் வருகை பெறாதவர்களிடமும் 3.9 குறைந்திருந்தது. ஆகவே திட்டத்துக்கு உரியது ஏறத்தாழ 5 மட்டுமே. அந்த 3.9 முழுவதும் மீளலே என்று சொல்லிவிட முடியாது. வழக்கமான சிகிச்சையும் அதில் உண்டு, தம்மை யாரோ அளக்கிறார்கள் என்ற உணர்வும் உண்டு. ஒப்பீட்டுக் குழுவின் பயன் அவற்றைத் தனித்தனியே பிரித்துக் காட்டுவதில் இல்லை. எல்லாவற்றையும் மொத்தமாகக் கழித்துவிடுவதில்தான் இருக்கிறது.

இந்த இடத்தில் கட்டுரை என் மீதே திரும்புகிறது. தமிழை வீட்டுமொழியாகவும் மலையாளத்தைப் பள்ளிமொழியாகவும் கொண்ட சிறுவர்களின் கதைசொல்லும் திறன் குறித்தது என் முனைவர் பட்ட ஆய்வு. 80 சிறுவர்களுக்கு 40 மதிப்பெண்ணுக்கு ஒரு முன்சோதனை வைத்தேன். சராசரி 23. மிகக் குறைந்த மதிப்பெண் பெற்ற 20 பேருக்கு ஆறு வாரம் தமிழ்க் கதை வாசிப்புப் பயிற்சி அளித்தேன். அவர்களின் சராசரி 14-லிருந்து 19 ஆயிற்று. "பயிற்சியின் பயன்" என்று தலைப்பிட்டு ஓர் இயல் எழுதி முடித்திருந்தேன்.

அம்மாவின் எண்களோடு மல்லாடிய அந்த இரவில் எழுந்து மடிக்கணினியைத் திறந்தேன். பின்சோதனையை நான் 80 பேருக்கும் வைத்திருந்தேன். ஆனால் மற்ற 60 பேரின் மதிப்பெண்களை உள்ளிட்டதோடு சரி, அவற்றைப் பார்த்ததே இல்லை. முன்சோதனையில் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்ற 20 பேரைப் பிரித்தெடுத்தேன். அவர்களுக்கு நான் எந்தப் பயிற்சியும் அளிக்கவில்லை, கெடுக்கவும் இல்லை. அவர்களுடைய சராசரி 31-லிருந்து 27 ஆக இறங்கியிருந்தது. சராசரிக்கு 8 மேலே நின்றவர்கள் 4 மேலே வந்து நின்றனர், விலகல் பாதியாகியிருந்தது. அதே விகிதத்தைக் கீழ்முனைக்குப் பொருத்தினால், 9 கீழே நின்றவர்கள் எதுவும் செய்யாமலே 4.5 கீழே வந்திருக்க வேண்டும், அதாவது 18.5. நான் பெருமிதத்தோடு எழுதிய 19-க்கும் அதற்கும் இடையே அரை மதிப்பெண் இருந்தது. ஆறு வாரங்கள், இருபது சிறுவர்கள், ஓர் இயல், அரை மதிப்பெண்.

அந்த 20 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டு பத்துகளாகப் பிரித்து, ஒரு பத்துக்கு முதலில் பயிற்சியும் மற்றப் பத்துக்கு ஆறு வாரம் கழித்துப் பயிற்சியும் அளித்திருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. இரு பத்துகளும் ஒரே முனையிலிருந்து தேர்ந்தவை என்பதால் மீளல் இரண்டுக்கும் சமமாக நேரும். வேறுபாடு மட்டுமே பயிற்சியைச் சேரும். குறைந்தது, தேர்ந்தெடுக்க ஒரு சோதனையும், தொடக்க நிலையைக் குறிக்க இன்னொரு சோதனையுமாக இரண்டு வைத்திருக்கலாம். தேர்வுக்குப் பயன்பட்ட எண்ணையே தொடக்கப்புள்ளியாகவும் கொண்டதுதான் பிழையின் வேர். நெறியாளரிடம் சொன்னேன். அவர் நீண்ட நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "இயலை எடுத்துவிட வேண்டாம், இந்தக் கணக்கையே அதில் எழுதுங்கள்" என்றார்.

அம்மாவுக்கு வருகிறேன். இங்கே எதிர்த்திசையில் ஒரு பிழை காத்திருந்தது. முதல் எண்ணை நம்பக்கூடாது என்று புரிந்தவுடன், "அப்படியானால் எனக்கு ஒன்றுமே இல்லை" என்ற முடிவுக்கு வந்துவிடலாம். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 168-லிருந்து 156-க்கு இறங்குவதுதான் எதிர்பார்ப்பு, 128-க்கு அன்று. 156 என்பது மருத்துவமனை வரம்பான 140-க்கு மிக மேலே. மேலும், ஒருவர் மீள்வது அவரைப் பற்றி நமக்கு எதுவும் தெரியாதபோதுதான் கூட்டத்தின் சராசரியை நோக்கி. பத்தாண்டுப் பதிவு கையில் இருந்து, அதில் அவர் 150-ஐச் சுற்றியே இருந்துவந்திருந்தால், அவர் மீளப்போவது அந்த 150-க்குத்தான். இன்னொரு வரம்பும் உண்டு: எண் மிக உயர்ந்து, அதோடு நெஞ்சுவலியோ மூச்சுத் திணறலோ இருந்தால், இரண்டாம் வருகைக்குக் காத்திருக்கும் பேச்சுக்கே இடமில்லை. முதல் நாள் மருத்துவர் கேட்ட அந்த மூன்று கேள்விகளும் இதற்காகத்தான்.

மூன்றாம் வருகையில் 157/92. சாறு தொடர்ந்துகொண்டுதான் இருந்தது. அம்மாவின் முகம் வாடியது. மருத்துவர் வீட்டில் வைத்து அளக்கும்படி சொன்னார்: ஏழு நாள், காலையில் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை, ஐந்து நிமிடம் பேசாமல் சாய்ந்து அமர்ந்த பிறகு, முதல் நாளின் எண்களை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரி. உலக உயர் இரத்த அழுத்தச் சங்கம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியிலும் இந்த முறையே உள்ளது. வீட்டு அளவுக்கு வரம்பு 135/85. அம்மாவுக்குக் கிடைத்த 24 எண்களின் சராசரி 147/88. இருபத்துநான்கு நாளங்காடிச் சீட்டுகளைக் கூட்டிச் சராசரி எடுத்தால் நற்பேறும் தீப்பேறும் ஒன்றையொன்று பெரும்பாலும் அடித்துக்கொள்ளும். மேலும், உயர்ந்தது என்பதற்காக இந்த எண்களில் எதனையும் யாரும் பொறுக்கி எடுக்கவில்லை. எனவே இது இனி பெரிதாக இறங்கும் என்று எதிர்பார்க்க இடமில்லை. இதுதான் அம்மாவின் நிலை.

மாத்திரை தொடங்கிற்று: அம்லோடிபின், 5 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று. நான்கு வாரம் கழித்து அதே கருவி, அதே நாற்காலி, அதே ஏழு நாள் முறை. சராசரி 134/82. அம்மா உடனே, "168-லேர்ந்து 134! முப்பத்திநாலு!" என்றார். நான் குறுக்கிட்டேன். மாத்திரைக்கு உரியது 147-க்கும் 134-க்கும் இடைப்பட்ட 13 தான். மீதி 21 முதல் நாள் மழைக்கும் மாடிப்படிக்கும், மருத்துவமனைப் பதற்றத்துக்கும், வீட்டு அளவு இயல்பாகவே சற்றுக் குறைவாக இருப்பதற்கும் உரியது. 168-ஐத் தொடக்கப்புள்ளியாகக் கொண்டால் கும்பளங்காய்க்குக் கிடைத்த அதே உழைக்காத கூலி மாத்திரைக்கும் கிடைக்கும். மாமிக்கு மறுத்ததை மருந்து நிறுவனத்துக்கு மட்டும் கொடுப்பது நேர்மையாகாது. அந்த 13-உம் ஒரே ஆளிடம் கண்டது என்பதால் உறுதிப்பாடு குறைந்ததே. ஆனால் ஒப்பீடாவது சரியான இரண்டு புள்ளிகளுக்கு இடையே நடந்தது.

அம்மா இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "சரி, அப்ப கும்பளங்காய்னால கெடுதல் ஒண்ணும் இல்லையே?" என்றார். இல்லை என்றேன். உப்புப் போடாமல் குடிக்கும்வரை இல்லை.

இப்போதும் காலையில் மாத்திரையும் உண்டு, சாறும் உண்டு. மருத்துவமனைக்குப் போகும் நாள்களில் அம்மா பத்து நிமிடம் முன்னதாகவே சென்று, சுவரில் முதுகைச் சாய்த்து, யாரோடும் பேசாமல் அமர்ந்திருக்கிறார். கைப்பட்டையை அவிழ்க்கும் செவிலியரிடம், "இன்னொரு தடவை பாத்துருங்கோ, மொத எண்ணை நம்பப்படாது" என்கிறாராம். என் ஆய்வேட்டின் நான்காம் இயலுக்கும் அதே வாக்கியத்தைத்தான் இலக்கியத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.